“விருப்பமில்லை” என்றபின்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், நல்லூர்)

நம் கல்லூரி மலரை எந்த ஆண்டு எடுத்துப் புரட்டினாலும் காதல் கவிதைக்குப் பஞ்சமிராது. உள்ளத்தில் உள்ளதைச் சொல்லத் தவிப்பது, சொல்லாமல் தவிப்பது, சொல்லப்போகும் நாளை எண்ணித் தவிப்பது என்று பல வகை. ஆனால் அந்தக் கவிதைகள் எல்லாம் சொல்லும் இடத்தோடு நின்றுவிடுகின்றன. சொன்ன பிறகு, எதிரே நிற்பவர் “எனக்கு விருப்பமில்லை” என்று கூறிவிட்டால், அடுத்த நொடியில் நம் வாயிலிருந்து என்ன வரவேண்டும்? அதற்கடுத்த நாள் பேருந்தில் பார்த்தால் என்ன பேசவேண்டும்? இவற்றை நமக்குப் பாடமாகவோ பாட்டாகவோ யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை கவிதை முடிந்த இடத்தில் தொடங்குகிறது.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக வந்திருக்கவேண்டியவன் நான் அல்லன், என் அக்கா. நல்லூரிலிருந்து விருத்தாசலத்துக்கு நாள்தோறும் டவுன் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் அதே பஸ்ஸில் வரும் ஒரு மாணவன் அவளிடம் தன் விருப்பத்தைச் சொன்னான். “எனக்கு அப்படி எண்ணம் இல்லைங்க, விட்டுடுங்க” என்றாள் அக்கா. அவன் கோபப்படவில்லை, திட்டவில்லை. “பரவாயில்ல, நான் காத்திருக்கேன்” என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பின் நாள்தோறும் அவள் ஏறும் நிறுத்தத்தில் அவன் நின்றான். அவள் ஏறும்போதெல்லாம் அவன் நண்பர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். ஒரு நாள் பஸ் இருக்கையின் முதுகில் இருவர் பெயரும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன. இரண்டு மாதத்தில் செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது. அப்பா அடிக்கவில்லை, அதட்டவில்லை. ஒரு மாலை வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டே, “நாளையிலேர்ந்து காலேஜுக்குப் போகவேணாம்மா” என்றார். மறு ஆண்டே அக்காவுக்குத் திருமணம் முடிந்தது. அந்த மாணவன் படிப்பை முடித்துவிட்டு எங்கோ வேலையில் இருப்பதாகக் கேள்வி.

அப்பா செய்தது நியாயம் என்று நான் சொல்லவரவில்லை. குற்றம் செய்யாத பெண்ணின் படிப்பை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. ஆனால் எங்கள் ஊரைப் போன்ற ஊர்களில் அதுதான் நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே “விருப்பமில்லை” என்ற சொல்லை ஒருவன் ஏற்க மறுத்தால், அதற்குரிய விலையைக் கொடுப்பவன் அவனல்லன். அந்தச் சொல்லைச் சொன்னவள்தான். அந்த விலை பெரும்பாலும் அவளுடைய படிப்பு.

இதை மலரில் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “எழுதுடா. அன்னைக்கே ‘சரிங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவன் வேலையைப் பார்த்திருந்தா, நான் டிகிரி முடிச்சிருப்பேன். அதையும் எழுது.”

எழுதிவிட்டேன். இனி அந்த “சரிங்க” என்ற ஒரு சொல்லைச் சொல்வது எப்படி என்று பார்ப்போம்.

மறுப்பு எந்த உருவில் வரும்?

முதலில், மறுப்பை மறுப்பென்று அடையாளம் காணவேண்டும். தமிழில் நேராக “வேண்டாம்” என்று முகத்துக்கு எதிரே சொல்வதை நாம் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட “போகிறேன்” என்று சொல்லாமல் “போய்வருகிறேன்” என்று சொல்லும் மக்கள் நாம். அதனால் ஒரு பெண் நம்மிடம் மறுப்பைச் சொல்லும்போது அது பெரும்பாலும் வேறு ஆடை உடுத்திக்கொண்டுதான் வரும்.

“இப்ப படிப்புதான் முக்கியம்” என்பது ஒன்று. “வீட்டில ஒத்துக்கமாட்டாங்க” என்பது மற்றொன்று. “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவது, அதுவரை பெயர் சொல்லி அழைத்தவர் திடீரென்று “அண்ணா” என்று அழைப்பது, செய்தியைப் படித்தும் பதில் அனுப்பாமல் இருப்பது, வழக்கமாக அமரும் இடத்தை விட்டு வேறிடத்தில் அமர்வது ஆகிய எல்லாமே ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்கள்.

நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். “படிப்புதான் முக்கியம் என்றுதானே சொன்னாள்? படிப்பு முடிந்ததும் கேட்கலாம்” என்று கணக்குப் போடுகிறோம். “வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்” என்றால், “வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன்” என்கிறோம். அவர் நமக்கு மனம் நோகக்கூடாது என்று சுற்றிவளைத்துச் சொன்ன அந்த மென்மையையே நாம் கதவின் சந்தாகப் பயன்படுத்துகிறோம். அடுத்த முறை அவர் யாரிடமும் மென்மையாகச் சொல்லமாட்டார் என்பது ஒருபுறம். அச்சத்தில் எதுவுமே சொல்லாமல் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவார் என்பது மறுபுறம்.

உண்மையிலேயே புரியவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு எளிய வழி உண்டு. விருப்பம் உள்ளவர் தாமாக ஓர் அடி நம் பக்கம் எடுத்து வைப்பார். பேச்சைத் தாமே தொடர்வார். பத்து நாள்வரை எல்லா அடிகளையும் நாமே எடுத்து வைத்துக்கொண்டிருந்தால், பதில் வந்துவிட்டது என்றுதான் பொருள்.

பகுதி ஒன்று தமிழ்த்தாளில் நாம் எல்லோரும் படித்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தபோது, இருவர் உள்ளமும் ஒத்த காதலுக்குக் குறிஞ்சி முதலிய ஐந்தையும் நடுவே வைத்தார். ஒருபக்கமே நிகழ்வதைக் கைக்கிளை என்று தனியே பிரித்து வைத்தார். மறுமொழி கிடைக்காமலே தான் பேசித் தானே மகிழ்ந்துகொள்வதை அவர் கைக்கிளையின் குறிப்பாகச் சொல்கிறார். அந்த வரையறையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது நூலில் உள்ள செய்தியாகத்தான் தெரிந்தது. பதில் வராத கைப்பேசித் திரையில் இரவு பதினொரு மணிக்கு ஏழாவது செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு நண்பனைப் பார்த்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

முதல் மறுமொழி

மறுப்பு வந்துவிட்டது. இப்போது சொல்லவேண்டியவை மூன்றே மூன்று. ஏற்றுக்கொண்டேன் என்பது ஒன்று. சொன்னதற்கு நன்றி என்பது இரண்டு. இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன் என்பது மூன்று. பேச்சுவழக்கில் சொன்னால், “சரிங்க. நேராச் சொன்னதுக்கு நன்றி. இனிமே இதைப் பத்தி நான் பேசமாட்டேன்.” இதைச் சொல்லப் பத்து விநாடிகூட ஆகாது. சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். அவர் நகரும்வரை நாம் நிற்கக்கூடாது. ஏனெனில் நாம் நின்றால் அவரும் ஏதாவது பேசியாக வேண்டிய கட்டாயம் ஏற்படும்.

ஏன் இந்த மூன்றும்? “சரிங்க” என்பது அவர் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு. “நன்றி” என்பது அவர் அச்சத்தைப் போக்குவதற்கு. சொல்வதற்கு முன் அவருக்கும் நெஞ்சு படபடத்திருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. நாளை பஸ்ஸில் ஏறலாமா, வேறு வழியில் போகவேண்டுமா, வீட்டில் சொல்லவேண்டுமா என்று இரவெல்லாம் அவர் எண்ணிக்கொண்டிராமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் உதவுகிறது. ஆனால் அதைச் சொன்னால் காப்பாற்றவேண்டும்.

இனி, சொல்லக்கூடாதவை. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டும் தீங்கு செய்கிற வாக்கியங்கள் நான்கு.

“ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்” என்பது முதலாவது. காரணம் கேட்டுவிட்டால், அவர் ஏதோ ஒரு காரணம் சொல்வார். காரணம் வந்தவுடன் அதற்கு நம்மிடம் ஒரு பதில் இருக்கும். பதில் வந்தவுடன் அது விவாதமாகிவிடும். விருப்பமின்மை என்பது தானே ஒரு முழுமையான காரணம். அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் தேவையில்லை.

“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்” என்பது இரண்டாவது. அவர் கொடுத்துவிட்ட விடையை நாம் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதச் சொல்வதற்கு இது ஒப்பானது.

“நான் காத்திருக்கிறேன்” என்பது மூன்றாவது. திரைப்படத்தில் இது கைதட்டல் வாங்கும் வசனம். வாழ்க்கையில் இது, கேட்காதவர் தலையில் ஏற்றப்பட்ட கடன். நாம் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவர் யாருக்கோ எதையோ தரவேண்டியவர் போல நடமாட நேர்கிறது. என் அக்காவின் படிப்பை நிறுத்தியது இந்த வாக்கியம்தான்.

“சரி, நண்பர்களாகவாவது இருப்போம்” என்பது நான்காவது. கேட்பதற்கு இது பண்பாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோளை மறுத்த அடுத்த நொடியில் இன்னொரு வேண்டுகோளை நீட்டினால், அவர் இரண்டாம் முறையும் மறுக்கவேண்டிய சங்கடத்துக்கு ஆளாவார். நட்பு உண்மையில் இருந்தால் அது சொல்லாமலே தொடரும். இல்லையென்றால் சொல்லி வராது.

நண்பர்களிடம் என்ன சொல்வது?

என் கணிப்பில், மறுப்பை ஏற்றுக்கொண்ட மாணவனைக்கூட வழி தவறச் செய்வது அவனுடைய நண்பர்கள்தாம். அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. “விடாதடா, முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று அவர்கள் சொல்வது பாசத்தால். அவள் வரும்போது பெயர் சொல்லிக் கூவுவது விளையாட்டால். ஆனால் கூவப்படும் பெயர் நம்முடையது. திரும்பிப் பார்க்கும் ஊரின் கண்கள் விழுவது அவள்மேல்.

பழந்தமிழ் நூல்களில் மடலேறுதல் என்றொரு வழக்கம் பேசப்படுகிறது. காதலை அடையப்பெறாத தலைவன் பனைமடலால் செய்த குதிரைமேல் ஏறி, எருக்கம்பூ சூடி, அவள் உருவம் எழுதிய படத்தைக் கையில் ஏந்தி ஊர்த்தெருவில் வருவான். ஊரார் பார்ப்பார்கள், அவள் பெயர் தெருவுக்கு வரும், வேறு வழியின்றி அவளை அவனுக்குக் கொடுப்பார்கள் என்பது அதன் கணக்கு. இதைப் படிக்கும்போது நமக்கு அவன் துன்பம் மட்டுமே தெரிகிறது. ஆனால் சற்று நின்று பார்த்தால், ஊரின் கண்களைக் கொண்டு ஒரு பெண்ணை நெருக்கும் வழி அது. ஆகவேதான் போலும், தொல்காப்பியர் மடலேறுதலை அன்பின் ஐந்திணையில் சேர்க்காமல் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காதலில் சேர்த்தார். பஸ் இருக்கையில் சுண்ணக்கட்டியால் பெயர் எழுதுவதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு வைத்து அவர் பார்த்தாரா என்று எண்ணிப் பார்ப்பதும் பனைமடல் இல்லாத மடலேற்றமே.

எனவே நண்பர்களிடம் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: “கேட்டேன், இல்லன்னுட்டாங்க, முடிஞ்சிடுச்சு. இனிமே அவங்க பேரை யாரும் எடுக்கவேணாம்.” இதைச் சிரிக்காமல் சொல்லவேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னால் நண்பர்கள் வேறு பொருள் கொள்வார்கள். இன்னும் யாருக்கும் தெரியாதென்றால், சொல்லாமல் விடுவதே சிறந்தது. அதேபோல் அவரிடம், “யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்று கேட்கக்கூடாது. வாய் மூடவேண்டிய கடமை நம்முடையது. அவருக்கு அச்சமாக இருந்தால் தம் தோழியிடமோ தாயிடமோ பேராசிரியையிடமோ சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

தினமும் ஒரே இடத்தில் பார்க்க நேர்ந்தால்

இதுவரை சொன்னவற்றைப் பிறர் அனுபவத்திலிருந்து சொன்னேன். இனி என் அனுபவம். நான் தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தபோது, அதே நேரத்துக்கு வந்து கற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். அவர் நம் கல்லூரியைச் சேர்ந்தவர் அல்லர். அவர் யாரென்று தெரியக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கேட்டேன். “இல்லைங்க, எனக்கு அந்த மாதிரி எண்ணம் இல்ல” என்றார். அக்காவின் கதை என் நெஞ்சில் இருந்ததால் பதிலை முன்பே ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். “சரிங்க. நேராச் சொன்னதுக்கு நன்றி. இனிமே இதைப் பத்திப் பேசமாட்டேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. “ஏன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?” என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் நின்றுவிட்டார். வீட்டைப் பற்றி, படிப்பைப் பற்றி, தம்பியைப் பற்றி ஏதேதோ சொன்னார். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அவர் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். கண்கள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த இரண்டு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. நான் கேட்ட ஒரு சொல் அவருடைய இரண்டு நாள் பயிற்சியைக் கொண்டுபோய்விட்டது. தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தார். அவர் நின்றுவிட்டால் அதுவும் போயிற்று.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இருவரில் ஒருவர் இடம் மாறவேண்டியிருந்தால், கேட்டவர்தான் மாறவேண்டும், மறுத்தவர் அல்லர். மாலை வகுப்பிலிருந்து காலை வகுப்புக்கு மாற்றித் தரும்படி ஆசிரியரிடம் கேட்டேன். காரணமாக பஸ் நேரத்தைச் சொன்னேன். அதிகாலையில் எழுவது கடினமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அவர் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. நான் மாறியதை அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் ஒரு கணக்கெழுதும் வேலையாகியிருக்கும்.

எல்லோராலும் இடம் மாற முடியாது. ஒரே வகுப்பில் மூன்றாண்டு படிக்கவேண்டியவர்கள் என்ன செய்வது? முன்பு எந்த அளவு பேசினோமோ அந்த அளவுக்குமேல் பேசாமல் இருப்பதே நல்லது. ஆய்வகத்தில் ஒரே மேசை என்றால், “பியூரெட் ரீடிங் எவ்வளவு?” என்பது பேசலாம், “எப்படி இருக்கீங்க?” என்று தனியாக நிறுத்திக் கேட்கவேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் வேண்டாம்; அது அவரைத் தண்டிப்பது போலாகும். வழக்கம்போல் எல்லோருக்கும் சொல்லும் வணக்கத்தை அவருக்கும் சொல்லி, பதில் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி என்று போய்விடவேண்டும்.

இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், எங்கள் அப்பா செய்யும் வேலையிலிருந்து ஒன்று சொல்லலாம். விருத்தாசலத்தில் பீங்கான் ப்யூஸ் கட்டைகள் செய்யும் ஒரு பட்டறையில் அவர் சூளைவேலை பார்க்கிறார். சூளையை அணைத்தவுடன் கதவைத் திறக்கக்கூடாது. உள்ளே வெந்திருக்கும் சரக்கின்மேல் குளிர்ந்த காற்று பட்டால், ஒரு பக்கம் விரைவாகச் சுருங்கி மற்றப் பக்கம் சுருங்காமல், நன்றாக வெந்த சரக்கும் விரிசல் விட்டுவிடும். ஆர்டர் அவசரம் என்று முதலாளி நின்றாலும், சூடு தானாக ஆறும்வரை கதவைத் தொடமாட்டார் அப்பா. பேச்சும் அப்படித்தான். எப்போது திறப்பது என்பதை நம் அவசரம் தீர்மானிக்க முடியாது. முதல் பேச்சு அவர் பக்கமிருந்து வரட்டும்.

எனக்கு அது தேர்வன்று வந்தது. தேர்வு மையத்தின் வாசலில் அவர் தாமாகவே, “பேப்பர் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். “ஸ்பீடு பரவாயில்லைங்க. லெட்டர்லதான் ரெண்டு இடத்துல தப்பு” என்றேன். “எனக்கும் லெட்டர்தான்” என்று சொல்லிவிட்டுத் தம் தோழியோடு போய்விட்டார். அவ்வளவுதான். அந்தப் பேச்சில் வேறு பொருள் தேடாமல் வீட்டுக்கு வந்தேன். அப்படித் தேடாமல் வருவதற்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்கெனவே தவறு செய்திருந்தால்

இதைப் படிக்கும் சிலர் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கலாம், பின்னால் போயிருக்கலாம். அவர்கள் முதலில் செய்யவேண்டியது நிறுத்துவது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றினால், ஒரே முறை, இரண்டே வாக்கியத்தில்: “நான் தொடர்ந்து கேட்டது தவறு. இனி தொல்லை தரமாட்டேன்.” அதற்குப் பதில் எதிர்பார்க்கக்கூடாது. “மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்” என்று மறுபடி கேட்டால், மன்னிப்பும் தொல்லையின் இன்னொரு வடிவமாகிவிடும். “என்னிடம் பேசவே வேண்டாம்” என்று அவர் முன்பே சொல்லியிருந்தால், அந்த மன்னிப்பைக்கூட அனுப்பக்கூடாது. நிறுத்துவதே மன்னிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டும். 1998-ஆம் ஆண்டு சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சில இளைஞர்களின் தொல்லையால் உயிரிழந்ததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் தனிச்சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் பெயரில் முதலில் “ஈவ் டீசிங்” என்ற சொல் இருந்தது. அது ஏதோ கேலி விளையாட்டு போல ஒலிப்பதால், 2002-இல் “பெண்களைத் துன்புறுத்துதல்” என்று அந்தப் பெயர் மாற்றப்பட்டது. பின்னர் 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் உள்ளது. ஒரு பெண் தமக்கு ஆர்வமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும், அவரைப் பின்தொடர்ந்து திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதோ, தொடர்புகொள்ள முயல்வதோ குற்றம் என்பது அதன் சாரம். இணையத்திலும் மின்னஞ்சலிலும் அவர் நடவடிக்கைகளைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். 2013-இல் இயற்றப்பட்டபோது முதல் முறைக்கு 3 ஆண்டு வரை, மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை என்று அது வகுத்தது.

இந்தப் பிரிவை நான் முதன்முதலில் படித்தபோது ஒன்று வியப்பளித்தது. அவர் காரணம் சொல்லியிருக்கவேண்டும் என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. நம் அன்பு உண்மையானதா என்றும் கேட்கவில்லை. ஆர்வமில்லை என்று காட்டினாரா, அதன்பின் நாம் என்ன செய்தோம் என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறது. அக்காவைப் பார்த்து நிறுத்தத்தில் நின்றவன், தன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றிருப்பான்.

தொல்லைக்கு ஆளாகும் மாணவியர், வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடுமோ என்று அஞ்சி மௌனமாக இருப்பதுண்டு. கல்லூரிகளில் உள்ளகப் புகார்க் குழு இருப்பது அதற்காகவே. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் உண்டு. நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புகார் வந்தால் முதலில் மாணவியின் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். முதலில் அந்த மாணவனை அழைத்துப் பேசுங்கள். தொல்லை கொடுத்தவன் வகுப்பில் இருக்க, தொல்லைப்பட்டவள் வீட்டில் இருக்கும் நிலை வரக்கூடாது.

நம் வருத்தத்தை எங்கே வைப்பது?

இவ்வளவும் சொன்னதால், மறுக்கப்பட்டவனுக்கு வருத்தமே இல்லை என்று நான் கருதுவதாக எண்ணவேண்டாம். எனக்கு இருந்தது. சில வாரம் சோறு இறங்கவில்லை. தட்டச்சுப் பொறியின் ஓசை கேட்டாலே என்னவோ செய்தது. அந்த வருத்தம் பொய்யல்ல. ஆனால் அதை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அவரிடம் கொடுக்கக்கூடாது, அவருடைய தோழிகளிடமும் கொடுக்கக்கூடாது, அது அவரிடமே போய்ச்சேரும். அவரை அறியாத ஒருவரிடம் சொல்லலாம். நான் என் மாமாவிடம் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “வா, மணிமுத்தாறு வரைக்கும் நடந்துட்டு வருவோம்” என்றார். நடந்துவிட்டு வந்தோம்.

“நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன்” என்று சொல்வது அன்பின் ஆழத்தைக் காட்டுவதாக நம்மில் சிலர் நினைக்கிறோம். கேட்பவருக்கு அது மிரட்டலாகவே ஒலிக்கும். சாகும்வரை சுமக்கவேண்டிய பழியாகவும் நிற்கும். அந்த எண்ணம் உண்மையிலேயே மனத்தில் வந்தால், அதைச் சொல்லவேண்டிய இடம் அவரல்லர். வீட்டில் ஒருவரிடம் சொல்லவேண்டும்; அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கவேண்டும். அங்கே தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இறுதியாக, மாணவியரிடமும் ஒன்று. மறுக்கப்படும் இடத்தில் நிற்பவர் எப்போதும் மாணவர் மட்டுமல்லர். பெண் கேட்டு ஆண் மறுப்பதும் உண்டு. இங்கே சொன்ன “சரிங்க” அவர்களுக்கும் பொருந்தும்.

இக்கட்டுரையை அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “பஸ் சீட்டுல எழுதினதை அழிச்சது நான்தான்டா, துப்பட்டாவால. அதை எழுதலையே” என்றாள். இப்போது எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டு நான் பட்டம் வாங்கும் நாளில் அவளையும் அதே டவுன் பஸ்ஸில் அழைத்துவர எண்ணியிருக்கிறேன்.